போர்டு இரண்டு, ஆள் ஒன்று

“ரெண்டு பக்கத்தையும் சேர்த்தா எந்தத் தேதியில வரம்பைத் தாண்டுச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

ஆடிட்டர் இதை என்னிடம் கேட்டபோது மாமா அறையில் இல்லை. போன் வந்தது என்று மாடிப்படிக்குப் போயிருந்தார். எனக்குத் தேதி தெரியும். அன்று மழை பெய்ததும், நாற்காலி வாங்க வந்த ஒருவர் குடையை மறந்துவிட்டுப் போனதும்கூடத் தெரியும். ஆனால் ஆடிட்டரின் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது சார்” என்றேன்.

வரும் வழியில் மாமா, “பாப்பா, அங்க வந்து நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்தாலும் நான் திறந்திருக்கப் போவதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கே எனக்கு வாய் வராது. விலைச்சீட்டை ஒவ்வொரு சாமானிலும் ஒட்டிவைத்தது அதனால்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதும் அக்கா என்னைத் தன்னோடு அழைத்துவந்து கல்லாவில் உட்கார வைத்தாள். மாமா என்பவர் அக்காவின் புருஷன். கடை அவருடையது.

கடை என்றால் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, குவளை, குப்பைக்கூடை, சோப்பு டப்பா, நாற்காலி, பாட்டில் அடுக்கும் பெட்டி. இரண்டு ஷட்டர், உள்ளே ஒரே கூடம். ஒரே கூடமாக இருந்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் விற்றால் வரித்துறையில் பதிந்துகொள்ள வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்த மாமா, பக்கத்துச் செல்போன் கடைக்காரரிடம் யோசனை கேட்டார். செல்போன் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பவர். அவர் போன் ரிப்பேர் செய்து நான் பார்த்ததில்லை.

“கடையை ரெண்டா ஆக்கிடுங்கண்ணே. ஆளுக்குப் பாதி வியாபாரம். எதுவும் வரம்பைத் தொடாது” என்றாராம்.

மறுவாரமே கூடத்தின் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு முளைத்தது. வலப்பக்க ஷட்டருக்கு மேல் புதுப் பெயரில் இன்னொரு போர்டு. இரண்டு பில் புத்தகம். பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் அட்டைகூட இரண்டு. அவற்றை அடித்துக் கொடுத்தது செல்போன் கடைக்காரர்தான். மாமாவுக்கு இருக்கிற ஒரே வங்கிக் கணக்கில்தான் இரண்டும் போய்ச் சேர்ந்தன. இரண்டு கடைக்கும் முதலாளி யார் என்று நான் அக்காவிடம் கேட்டேன். “உங்க மாமாதான். இடதுகைக்கும் வலதுகைக்கும் தனித்தனியாப் பேர் வச்சிருக்காரு” என்றாள்.

இந்த ஏற்பாட்டில் அவதிப்பட்டது நான். வாளி இடப்பக்கக் கடை, குவளை வலப்பக்கக் கடை. ஒருவர் வாளியும் குவளையும் வாங்கினால் இரண்டு பில் போட வேண்டும். “என்னம்மா, குளிக்கிறதுக்கே ரெண்டு பில்லா?” என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, இரண்டையும் வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். தடுப்பில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதில் என் நாற்காலியைப் போட்டு, இரண்டு பில் புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இடது தொடையில் ஒரு கடை, வலது தொடையில் ஒரு கடை.

சும்மா இருக்கிற நேரத்தில் இரண்டு புத்தகத்தையும் கூட்டுவேன். கணக்கு ஆண்டு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை மொத்தம் எவ்வளவு என்று என்னுடைய நோட்டில் தினமும் ஒரு வரி எழுதிவைப்பேன். அந்த நோட்டு குவளை அட்டைப்பெட்டியின் அடியில் இருக்கும். யாரும் கேட்காததால் நானும் யாரிடமும் சொன்னதில்லை. மாமாவின் பேச்சிலிருந்து வரம்பு எவ்வளவு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மழை நாளில் மொத்தம் அதைத் தாண்டியது. சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தேன்.

ஆடிட்டர் உண்மையில் ஆடிட்டர் இல்லை. பதிவு, தாக்கல் எல்லாம் செய்து கொடுக்கும் வரி ஆலோசகர். மாடியில் ஒற்றை அறை, சுவர் முழுக்க நாடா கட்டிய கோப்புகள். தெருவே அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிட்டது. முதல்முறை அவரிடம் போனபோது மாமா இடப்பக்க பில் புத்தகத்தை மட்டும்தான் எடுத்துவந்தார். வருட விற்பனை எவ்வளவு என்று அவர் கேட்டார். மாமா லாபத்தைச் சொன்னார்.

“நான் லாபத்தைக் கேக்கல. விற்பனையைக் கேட்டேன்.”

“விக்கிறதுல பத்துக்கு ஒண்ணுகூட நம்ம கையில நிக்கிறதில்ல சார்.”

“நிக்கட்டும், ஓடட்டும். வரம்பு விற்பனைக்குத்தான். லாபமே இல்லாம நஷ்டத்துல வித்தாலும் வரம்பைத் தாண்டினா பதியணும்.”

மாமா புத்தகத்தைக் காட்டினார். அது வரம்புக்கு வெகு கீழே இருந்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பேருந்தில் வரும்போது பக்கத்து ஷட்டரில் புது போர்டைப் பார்த்ததாகச் சொன்னார். அது வேற கடை என்றார் மாமா. யாருடையது என்றார். மாமா ஒரு நிமிடம் யோசித்து, அதுவும் தன்னுடையதுதான், ஆனால் வேற கடை என்றார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“போர்டு ரெண்டா இருந்தா என்ன, பத்தா இருந்தா என்ன? ஆள் ஒண்ணுதானே. ஒரு ஆள் பேருல எத்தனை வியாபாரம் இருந்தாலும் எல்லாத்தையும் கூட்டித்தான் வரம்பு பாப்பாங்க.”

அந்த நேரத்தில்தான் மாமாவுக்குப் போன் வந்தது. ஆடிட்டர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தெரியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மாமா திரும்பி வந்து, இரண்டையும் சேர்த்தாலும் இன்னும் தொடவில்லை, தொட்டதும் வருகிறோம் என்றார்.

“தொட்ட நாள்லேருந்து முப்பது நாள். அதுக்குள்ள விண்ணப்பம் போட்டுடணும். போட்டா கையில இருக்கிற சரக்குக்கு நீங்க மொத்தக் கடையில கட்டின வரியைக் கழிச்சுக்கலாம். முப்பது நாள் தாண்டினா அந்தச் சலுகை போச்சு. வரி மட்டும் தொட்ட நாள்லேருந்து ஓடிக்கிட்டே இருக்கும். கஸ்டமர்கிட்ட வாங்கலன்னா கைக்காசுல கட்டணும்.”

படி இறங்கும்போது விரல்விட்டு எண்ணினேன். சிவப்புப் புள்ளி வைத்து அன்று பத்தொன்பதாவது நாள். இன்னும் பதினொரு நாள் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அக்கா வேலையிலிருந்து வந்து கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா அவளிடம், எல்லாம் சரியாகிவிட்டது, ஆடிட்டர்கூடப் பாராட்டினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு நாளும் இதுபோல ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாம் நாள் நான் அந்த நோட்டை இன்னும் அடியில், மூன்று பெட்டிக்குக் கீழே தள்ளிவைத்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துப் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். நின்றுகொண்டே செய்கிற வேலை. வலது முழங்கால் இப்போது மாடிப்படியில் மடங்குவதில்லை. கடை வருமானத்தில் வாடகையும் சரக்கும் போகும், சாப்பாடு அக்காவின் சம்பளத்தில். அதிலும் மிச்சம் பிடித்து அவள் ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தாள். அது எதற்கு என்று கேட்டால், “வேலையை விடறதுக்கு” என்பாள். வேலையை விடுவதற்குக் காசு சேர்ப்பவள் எங்கள் அக்கா ஒருத்திதான் என்று மாமா கிண்டல் செய்வார்.

ஆடிட்டரிடம் போய்வந்து ஏழு மாதம் கழித்து, அக்கா வேலையை விடும் நாள் வந்துவிட்டது போலத்தான் இருந்தது. மூன்று இடங்களில் கட்டடம் வைத்திருக்கும் ஒரு தங்கும் விடுதி நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கும் அம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். எல்லா அறைக்கும் வாளி, குவளை, குப்பைக்கூடை. பிறகு மாதாமாதம் உடைந்ததற்குப் பதில். இரண்டு வருட ஒப்பந்தம். பணம் அறுபது நாள் கழித்துத்தான் வரும். நிபந்தனை ஒன்றே ஒன்று: வரி எண் போட்ட பில் வேண்டும், அவர்கள் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள.

அக்கா அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். அறுபது நாளைக்குச் சரக்கு வாங்கவும் வீடு ஓடவும் அவளுடைய சேமிப்பு சரியாக இருக்கும். அதற்குப் பிறகு விடுதியின் பணம் வரத் தொடங்கிவிடும். மூன்று நான்கு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிடுவேன் என்றாள். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

மாமா மறுபடியும் ஆடிட்டரிடம் ஓடினார். கடை முகப்பைப் படம் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், மாமா இரண்டாவது போர்டைக் கழற்றி நாற்காலி அடுக்குக்குப் பின்னால் சொருகினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் சோறே இல்லாமல் மறைக்கிறவர். விண்ணப்பத்தில், வரம்பைத் தாண்டிய தேதி என்ன என்று ஓர் இடம் இருந்தது. மாமா, “இந்த வாரந்தான் சார்” என்றார். ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். கையெழுத்து உங்களுது.”

நான் மாமாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இந்தமுறை ஆடிட்டர் என்னைக் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

எண் வந்தது. மாமா அதைப் பெரிய எழுத்தில் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேல் மாட்டினார். அதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். மாதாமாதம், அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடையில் சில்லறையாக விற்கும் வாளிக்கும் இனி வரி உண்டு என்றும் சொல்லியிருந்தார். மாமா அதில் பாதியைக் காதில் வாங்கவில்லை. மீதியை நம்பவில்லை. “வாளிக்கு வரி கேட்டா, வாளியை நம்ம தலையிலயே கவுத்துட்டுப் போயிடுவாங்க” என்றார்.

முதல் மாதத்தில் விடுதிக்குச் சரக்குப் போகவில்லை. அவர்கள் பக்கம் ஏதோ கையெழுத்து தாமதம். அதனால் தாக்கல் எதற்கு என்றார். இரண்டாம் மாதம் சரக்குப் போனது. பணம் வரட்டும், வந்ததும் சேர்த்துப் பண்ணிக்கலாம் என்றார். மூன்றாம் மாதம் காரணம் எதுவும் சொல்லவில்லை, பழகிவிட்டது. ஆடிட்டர் போன் செய்வார். மாமா திரையைப் பார்த்துவிட்டு போனைக் குப்புறப் படுக்கவைப்பார். “பீஸ் கேக்கத்தான் கூப்பிடறாரு” என்பார். நான் தொலைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பேன். அந்த மனிதர் ஒன்பது முறை கூப்பிட்டார். பீஸுக்காக ஒருவர் ஒன்பது முறை கூப்பிட மாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

இதற்கிடையில் அக்கா, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே திருப்பிக் கொடுக்க வேண்டிய இரண்டு நீலச் சீருடைக் கோட்டில் ஒன்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டாள். இன்னொன்றைப் போட்டுக்கொண்டு மீதி நாட்களுக்குப் போய்வந்தாள்.

எட்டாம் தேதி காலையில் விடுதியின் கொள்முதல் அம்மா போன் செய்தார். போனை எடுத்தது நான். எங்கள் பில் எதுவும் அவர்களுடைய வரிக் கணக்கில் தெரியவில்லை என்றார். விற்றவர் தாக்கல் செய்தால்தான் வாங்கியவர் கணக்கில் அது வந்து உட்காரும். வராவிட்டால் அவர்களால் வரியைக் கழிக்க முடியாது. இந்த மாத இருபதாம் தேதிக்குள் சரியாகாவிட்டால் பணமும் கிடையாது, அடுத்த ஆர்டரும் கிடையாது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அது இன்னும் பயமாக இருந்தது.

அதே நாள் தபாலில் ஒரு கடிதமும் வந்தது. வரித்துறையிலிருந்து. மாமா அதை இரண்டுமுறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா ஷிப்ட் முடிந்து வந்ததும் அந்தப் பையிலிருந்து தானே எடுத்துப் படித்தாள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல், “எந்திரிங்க. ஆடிட்டர்கிட்ட போலாம். நீயும் வாடி, பில் புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கோ” என்றாள்.

நான் குவளைப் பெட்டிகளை நகர்த்தி, அடியிலிருந்த நோட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

மாடிப்படியில் அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். ஆடிட்டர் எங்களைப் பார்த்து, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்தார், அவ்வளவுதான். முதலில் மூன்று மாதத் தாக்கல். வரிசையாகத்தான் செய்ய முடியும். முதல் மாதத்தை முடிக்காமல் அடுத்ததைத் திறக்கவே விடாது.

தாமதக் கட்டணம் ஒரு மாதத் தாக்கலுக்கு, ஒரு நாளுக்கு இவ்வளவு. எங்கள் கடையில் ஒரு குவளையின் விலை அது. முதல் மாதத்துக்கு எண்பது நாள் தாமதம், இரண்டாவதற்கு நாற்பத்தொன்பது, மூன்றாவதற்குப் பதினெட்டு. நான் மனதில் நூற்று நாற்பத்தேழு குவளை என்று கூட்டினேன். ஆடிட்டர், எங்களைப் போன்ற சின்ன வியாபாரிக்கு ஒரு தாக்கலுக்கு நாற்பது நாளோடு கட்டணம் நின்றுவிடும் என்றார். அப்படியானால் நாற்பது, நாற்பது, பதினெட்டு. தொண்ணூற்றெட்டு குவளை.

மாமாவின் முகம் தெளிந்தது. “அப்ப நாப்பது நாளுக்கு மேல இலவசமா சார்?”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இலவசமில்ல” என்றார் ஆடிட்டர், ஒவ்வொரு எழுத்தாக. “கட்டணம் நிக்கும். கட்டாத வரிக்கு வட்டி நிக்காது. வருஷத்துக்கு நூத்துக்குப் பதினெட்டு. ஆறு மாசம் இப்படியே விட்டீங்கன்னா உங்க எண்ணையே ரத்து பண்ணுவாங்க. அப்புறம் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கீங்களே, அதுல சாமி படம்தான் வைக்கணும்.”

“முதல் மாசம் விடுதிக்கு ஒரு பில்கூடப் போடலியே சார்.”

“கடையில வித்தீங்களா இல்லியா? சரி, ஒண்ணுமே விக்கலன்னு வைங்க. அப்பவும் விற்பனை இல்லைன்னு தாக்கல் பண்ணணும். பண்ணலன்னா அதுக்கும் தினக் கட்டணம் உண்டு.” அது கொஞ்சம் குறைவு. எங்கள் கடையில் ஒரு சோப்பு டப்பா.

தாக்கலை உறுதிசெய்ய மாமாவின் போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றார். மாமா எல்லாப் பையையும் தடவிவிட்டு, போன் செல்போன் கடையில் சார்ஜுக்குக் கிடக்கிறது என்றார். அக்கா கண்களை மூடிக்கொண்டாள். நான்தான் படி இறங்கி, தெருவைக் கடந்து ஓடினேன். செல்போன் கடைக்காரர், “என்ன பாப்பா, ஆடிட்டர் ரொம்ப மிரட்டறாரா? நான் ஒரு யோசனை சொல்லட்டா?” என்றார். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கியது அது ஒன்றுதான். வந்து சேர்வதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. இன்னொன்று வாங்கி, ஒவ்வொன்றாக மூன்றும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. வரி, வட்டி, கட்டணம் மூன்றும் விடுதிச் சரக்குக்காக அக்கா எடுத்து வைத்திருந்த பணத்தில் போயின. அது வலித்தது, ஆனால் தாங்கக்கூடியது. விடுதிக் கணக்கில் இனி பில் தெரிந்துவிடும் என்றதும் அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

பிறகு ஆடிட்டர் கடிதத்தை எடுத்தார்.

அதில் மாமாவின் வங்கிக் கணக்கு இருந்தது. போன கணக்கு ஆண்டில் ஸ்கேன் அட்டை வழியாக மட்டும் எவ்வளவு வந்தது என்று மாதவாரியாகப் போட்டிருந்தார்கள். இரண்டு போர்டின் அட்டையும் ஒரே கணக்கில் கொட்டிய பணம். ரொக்கத்தைச் சேர்க்காமலேயே அது வரம்பைத் தாண்டியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் தாண்டியவர் இந்தக் கணக்கு ஆண்டின் மூன்றாம் மாதத்தில்தான் தாண்டியதாகப் பதிந்தது எப்படி, விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள்.

“கடன் கொடுத்தது திரும்பி வந்துச்சுன்னு எழுதிடலாமா சார்?” என்றார் மாமா.

“தினமும் வாளி விலைக்கும் குவளை விலைக்குமா கடன் கொடுத்தீங்க?” ஆடிட்டர் அக்காவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மாமாவிடம் பேசி அவருக்கு அலுத்துவிட்டது. “அம்மா, இது இன்னும் விளக்கம் கேக்கிற கடிதம்தான். வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரல. அதுக்கு முன்னால நாமளே உண்மையான தேதியைச் சொல்லி, வரியும் வட்டியும் கட்டிட்டா அபராதம் இல்லாம முடிக்கப் பாக்கலாம். பொய் எழுதி, மறைச்சாங்கன்னு அவங்க முடிவு பண்ணிட்டா வரிக்கு மேல அபராதமும் வரும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தேதி. அந்த நாள்லேருந்து பதிஞ்ச நாள் வரைக்கும் வித்ததுக்குத்தான் வரி. தேதியை உத்தேசமா எழுதினா அவங்க ஆண்டு தொடக்கத்திலேருந்தேகூடக் கேப்பாங்க. பில் புத்தகத்தைக் கூட்டி ஆதாரத்தோட கொடுக்கணும்.”

மாமா, எத்தனையோ புத்தகம், எலி கடித்தது பாதி, யார் கூட்டுவது என்றார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் வைத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் பக்கமாகத் திருப்பினேன்.

ஆடிட்டர் படித்தார். முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். நான்கைந்து நாட்களைப் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தார். பிறகு மேசை நாட்காட்டிக்குப் பக்கத்திலிருந்த பழைய டைரியை எடுத்து, நாங்கள் முதலில் வந்த நாளைத் தேடினார். நான் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு நான் உன்கிட்ட கேட்டேனே. அதுக்குப் பத்தொன்பது நாள் முன்னாலயே தாண்டியிருக்கு.”

“தெரியும் சார்” என்றேன்.

“எது தெரியும்?” என்றாள் அக்கா.

என்னை மாட்டிவிட வேண்டுமென்று ஆடிட்டர் சொல்லவில்லை. அக்கா கேட்டதால் சொன்னார். அன்றே தேதி கிடைத்திருந்தால் பதினொரு நாள் கையில் இருந்திருக்கும். பதிந்திருக்கலாம். கையிருப்புச் சரக்கின் வரியைக் கழித்திருக்கலாம். மறுநாளிலிருந்து வாங்குகிறவரிடமே வரியைச் சேர்த்து வாங்கியிருக்கலாம். இப்போது ஏழரை மாத விற்பனைக்கு உண்டான வரி முழுவதும் கைப்பணம்.

“ஏழரை மாசமா? பேருக்கேத்த மாதிரிதான் இருக்கு” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. முதன்முறையாக அவர் சின்னதாகத் தெரிந்தார். கடிதத்தை மடிக்கவும் விரிக்கவுமாக இருந்தார்.

ஆடிட்டர் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி, அதை மாமாவிடம் கொடுக்காமல் அக்காவிடம் கொடுத்தார். வரிக்கு ஒரு வரி, வட்டிக்கு ஒரு வரி, கீழே மொத்தம். அக்கா தன் சேமிப்பில் மீதியிருந்ததை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக் கழித்தாள். மிஞ்சியதை வைத்து விடுதிக்கு ஒரு மாதச் சரக்குகூட வாங்க முடியாது. ஒப்பந்தம் இருக்கிறது, வாளி வாங்கப் பணம் இல்லை. மாதச் சம்பளம் ஒன்று இருந்தால்தான் அறுபது நாளைத் தாண்ட முடியும்.

“உண்மைத் தேதியையே போட்டுடுங்க சார்” என்றாள். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

திரும்பி வரும்போது மாமா நிறையப் பேசினார். தடுப்பை நாளைக்கே பிரித்துவிடுகிறேன் என்றார். இருபதாம் தேதியைச் சுவரில் எழுதி வைக்கிறேன் என்றார். பாப்பாவின் நோட்டு இல்லாவிட்டால் ஆண்டு முழுவதுக்கும் கட்டியிருப்போம், அவள்தான் காப்பாற்றினாள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா கைப்பையை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தேன். அவள் செருப்பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, வலது காலைச் சாய்த்து வைப்பதால்.

அன்று நான் அவளிடம் என்ன சொல்லலாம் என்று பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது என்று சொல்லலாம். மாமா பேசாதே என்றார் என்று சொல்லலாம். பதினொரு நாள் இருந்ததே, வீட்டில் ஒருமுறைகூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா என்று அவள் கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிட்டேன். மாமா ஏற்கெனவே கடைக்குள் பிளைவுட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணி பிடுங்கும் சத்தம் கடைக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் வழியாகக் கேட்டது. அக்கா சமையலறை விளக்கடியில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். மேசையில் கம்பெனிக்கு எழுதிய ஒரு தாள் இருந்தது. விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தயவுசெய்து அனுமதிக்கவும் என்று இரண்டே வரி. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

நான் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கட்டி மேசை ஓரத்தில் வைத்தேன். “அக்கா” என்றேன்.

அவள் ஆணியிலிருந்து உறை போட்ட கோட்டை எடுத்தாள். உறையைக் கிழிக்காமல் மேலிருந்து மெதுவாக உருவி, மடித்து, என் கையில் கொடுத்தாள். கோட்டை மாட்டிப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். தாளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டவள், ஒரு கணம் நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள்.